கயிறு ஒன்று அவிழ்ந்தால் பிராக்கெட்டின் போல்ட்டுக்கு என்ன ஆகும்?

பட்டறையிலும் கிடங்கிலும் கான்கிரீட் பீமின் அடியில் ஒரு இரும்புத் தகட்டை நான்கு ஆங்கர் போல்ட்டால் முடுக்கி, அதிலிருந்து தொங்கும் காதில் இரண்டு மூன்று கயிறுகளை மாட்டுவது வழக்கம். எவ்வளவு தாங்கும் என்று கேட்டால், கயிறுகளின் இழுவையை எல்லாம் கூட்டி ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கூட்டலும் தவறு, அந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்புவதும் தவறு. ஒரு பிராக்கெட்டை எடுத்து முழுதாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

காதில் ஒரே துளை. அதில் மூன்று இழுவைகள். நேர் கீழே 1.5 கிலோ நியூட்டன் எடை தொங்குகிறது. ஏறக்குறைய 153 கிலோ. வலப்பக்கம் ஒரு கயிறு, கிடைமட்டத்திலிருந்து 20 பாகை கீழ்நோக்கி, 5 கிலோ நியூட்டனில் இழுக்கிறது. இடப்பக்கம் இன்னொரு கயிறு 9 கிலோ நியூட்டன். அதன் கோணம் தூக்குநூலிலிருந்து அளந்தது, 40 பாகை. மூன்றும் ஒரே செங்குத்துத் தளத்தில் இருக்கின்றன. மூன்றின் கோடுகளும் துளையின் மையத்தில் சந்திக்கின்றன.

முதலில் திசைக்குறியை முடிவு செய்துகொள்ள வேண்டும்: வலமும் மேலும் கூட்டல், இடமும் கீழும் கழித்தல். பிறகு ஒவ்வொரு கயிற்றையும் கிடைக்கூறு, செங்குத்துக்கூறு என்று பிரிக்கிறோம். வலக்கயிற்றின் கோணம் கிடைமட்டத்திலிருந்து அளந்தது; ஆகவே கிடைக்கூறு 5 × cos 20° = 4.70, செங்குத்துக்கூறு 5 × sin 20° = 1.71, கீழ்நோக்கி. இடக்கயிற்றின் கோணம் செங்குத்திலிருந்து அளந்ததால் sin, cos இடம் மாறும்: கிடைக்கூறு 9 × sin 40° = 5.79 இடப்பக்கம், செங்குத்துக்கூறு 9 × cos 40° = 6.89 கீழ்நோக்கி.

மிக அதிகமாகப் பிழை நேரும் இடம் இதுதான். ‘கிடைக்கூறு என்றால் cos’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே 6.89 இடப்பக்கம் என்று எழுதிவிடுவார்கள். கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டதோ, அந்தக் கோட்டை ஒட்டிய கூறுக்குத்தான் cos. சந்தேகம் இருந்தால் கோணத்தையே விட்டுவிடலாம். துளையிலிருந்து கயிற்றோடு 1000 மி.மீ. அளந்து குறி வையுங்கள். அந்தக் குறி துளைக்கு எத்தனை மி.மீ. கீழே, எத்தனை மி.மீ. பக்கவாட்டில் இருக்கிறது என்று ரசமட்டமும் டேப்பும் வைத்துப் பாருங்கள். இடக்கயிற்றுக்கு 766-ம் 643-ம் வரும். அவற்றை 1000-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கினால் கூறுகள் கையில். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்ற கவலையும் இல்லை. (கால்குலேட்டரைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் முதலில் sin 30 போட்டுப் பாருங்கள், 0.5 வராவிட்டால் மேலே போகாதீர்கள்.)

இனிக் கூட்டுவோம். கிடையாக 4.70 − 5.79 = −1.09, அதாவது இடப்பக்கம் 1.09. செங்குத்தாக −1.71 − 6.89 − 1.5 = −10.10, அதாவது கீழ்நோக்கி 10.10. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தொகுபயன் விசை 10.16 கிலோ நியூட்டன். மூன்று இழுவைகளையும் சும்மா கூட்டியிருந்தால் 15.5 வந்திருக்கும். திசைக்கு tan⁻¹(10.10 ÷ 1.09) ஏறக்குறைய 84 பாகை தருகிறது. கழித்தல் குறியோடு இரண்டு எண்களையும் கால்குலேட்டரில் வகுத்தாலும் அதே +84 தான் வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் விசை வலப்பக்கம் மேல்நோக்கி என்று ஆகிவிடும், நேர் எதிர்த்திசை. கூறுகளின் குறியைப் பார்த்துத்தான் திசையைச் சொல்ல வேண்டும்: இடப்பக்கம், கிடைமட்டத்துக்கு 84 பாகை கீழே. ஒரு தாளில் 1 கிலோ நியூட்டனுக்கு 10 மி.மீ. என்று வைத்து 15, 50, 90 மி.மீ. கோடுகளை ஒன்றின் நுனியில் அடுத்ததாக வரைந்து பாருங்கள். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிக்கு ஏறக்குறைய 102 மி.மீ. வர வேண்டும்.

பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். போல்ட்டுக்கு 10.16 என்ற எண்ணால் பயன் குறைவு. அதற்குக் கூறுகள்தான் தேவை. செங்குத்துக்கூறு நான்கு போல்ட்டையும் சமமாகக் கீழே இழுக்கிறது: 10.10 ÷ 4 = 2.53. கிடைக்கூறு போல்ட்டுகளை வெட்டப் பார்க்கிறது; அதோடு, துளை தகட்டுக்குக் கீழே 120 மி.மீ. தள்ளி இருப்பதால் தகட்டைத் திருப்பவும் செய்கிறது. காதை இடப்பக்கம் இழுத்தால் தகட்டின் வலப்பக்கம் பீமைவிட்டுப் பிரியப் பார்க்கும். இரண்டு போல்ட் வரிசைகளுக்கும் இடைவெளி 100 மி.மீ. என்றால் வலவரிசைக்குக் கூடுதலாக 1.09 × 120 ÷ 100 = 1.3, அந்த வரிசையில் இரண்டு போல்ட், ஆளுக்கு 0.65. ஆக வலப்பக்கப் போல்ட் ஒவ்வொன்றிலும் 3.2 கிலோ நியூட்டன் இழுவை.

இப்போது வலக்கயிற்றின் ஷேக்கிள் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிறு குறைந்ததால் பாரமும் குறைந்திருக்கும் என்றுதான் தோன்றும். கிடையாக இடப்பக்கம் 5.79, செங்குத்தாகக் கீழே 8.39, தொகுபயன் 10.19. அளவு ஏறக்குறைய மாறவே இல்லை. திசை மட்டும் 84 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சாய்ந்திருக்கிறது. ஆனால் வலப்பக்கப் போல்ட்டில் 2.10 + 3.47, அதாவது 5.6 கிலோ நியூட்டன். முன்பிருந்ததைவிட முக்கால் பங்கு அதிகம். நான்கு போல்ட்டுக்குமாகச் சேர்ந்த வெட்டுவிசையும் 1.09-லிருந்து 5.79-க்கு ஏறிவிட்டது.

இடக்கயிறு கழன்றால் இன்னும் வியப்பாக இருக்கும். தொகுபயன் 5.69-க்கு இறங்கிவிடும், கிட்டத்தட்டப் பாதி. ஆனால் 4.70 வலப்பக்க இழுவையைச் சமன்செய்ய எதிரில் எதுவும் இல்லாததால் இடப்பக்கப் போல்ட் ஒவ்வொன்றிலும் 3.6. மூன்று இழுவையும் இருந்தபோது மிக அதிகப் பாரம் தாங்கிய போல்ட்டைவிட இது அதிகம். ஆகவே எல்லாக் கயிறும் இருக்கும் நிலைக்கு மட்டும் போல்ட் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொரு கயிற்றையும் ஒரு தடவை நீக்கிக் கணக்கிட்டு, அதில் மோசமானதைத்தான் எடுக்க வேண்டும். கயிற்றை மாட்டும்போதும் அவிழ்க்கும்போதும் இந்த நிலை கட்டாயம் வந்தே தீரும்.

இந்தப் போல்ட் கணக்குத் தகடு வளையாது என்று வைத்துப் போட்டது. மெல்லிய தகடு வளைந்து நெம்புகோல்போல் போல்ட்டை இன்னும் இழுக்கும். வலக்கயிறு கழன்ற நிலையில் இடவரிசைக்கு விடை கழித்தல் குறியோடு வரும். அங்கே தகடு கான்கிரீட்டை அழுத்துகிறது என்று பொருள், 5.6 என்பதை அப்போது நெருக்கமான மதிப்பாகக் கொள்ளலாம்.

கடைசியாக, மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா என்பதைத் தளத்தில் பார்க்க வேண்டும். இடக்கயிற்றைப் பக்கத்தில் புதிதாகப் போட்ட துளையில் மாட்டி, அதன் கோடு மையத்தைவிட்டு 40 மி.மீ. விலகிப் போனால் 9 × 0.04 = 0.36 கிலோ நியூட்டன் மீட்டர் திருப்புவிசை சேரும். மூன்று கயிறும் இருந்தபோது வந்த திருப்புவிசை வெறும் 1.09 × 0.12 = 0.13. கூறுகளின் கூட்டல் இந்த 0.36-ஐக் காட்டாது; அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கயிறுகள் மாட்டிய பிறகு தகட்டின் நான்கு ஓரத்திலும் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாள் உள்ளே போனால் அந்தப் பக்கத்துப் போல்ட் இழுபட்டுக் கொண்டிருக்கலாம். உடனே பாரத்தை இறக்கிவிட்டு, கயிறுகளின் கோணங்களை மறுபடி அளங்கள்.