வெறும் ‘ஹாய்’ வந்தால் என்ன பதில் எழுதுவது?

அமெரிக்காவில் மனநெருக்கடியில் இருப்பவர் 741741 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், பயிற்சி பெற்ற தன்னார்வலர் பதில் எழுதுவார். கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற இந்தச் சேவை 2013-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட சேவைகளில் புதியவர்களைத் திணறடிப்பது நீளமான துயரக் கதை அல்ல, வெறும் ‘ஹாய்’தான். தொலைபேசியில் குரல் நடுங்கும், மூச்சு கேட்கும். இங்கே இரண்டே எழுத்து.

அதற்குத்தான் நடிப்புப் பயிற்சி. ஒருவரிடம் ஒரு சீட்டு தரப்படுகிறது: ‘தேர்வில் தோற்ற மாணவர், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.’ சீட்டை மறைத்துக்கொண்டு அவர் ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்புகிறார். பயிற்சி பெறுபவர் பதில் எழுத வேண்டும்.

“வணக்கம். பெயர், வயது, ஊர்? என்ன பிரச்சினை?” என்று எழுதினால் சுருக்கம் இருக்கிறது, ஆனால் விண்ணப்பப் படிவம் போல இருக்கிறது. “நீங்கள் எவ்வளவு வேதனையில் இருக்கிறீர்கள் என்று நன்றாகப் புரிகிறது” என்று தொடங்கி ஐந்து வரி எழுதுபவர்களும் உண்டு. கனிவு போலத் தெரியும். ஆனால் அவர் இன்னும் எதுவுமே சொல்லவில்லையே, என்ன புரிந்தது? சரி, இது எப்படி: “ஹாய், நான் மீனா. இங்கேதான் இருக்கிறேன். இன்று மனதில் என்ன ஓடுகிறது?” ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது, கேள்வி ஒன்றுதான், அதற்கு ஒற்றைச் சொல்லிலும் பதில் சொல்லலாம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான் இடம். ‘கி’ போன்ற எழுத்து இரண்டு குறிகளாகக் கணக்காகும். இந்தப் பதில் 67 குறிகளில் முடிந்துவிடுகிறது.

கனிவுக்கு 0 முதல் 3, சுருக்கத்துக்கு 0 முதல் 3 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டக் கூடாது. கூட்டினால் கனிவே இல்லாத சுருக்கமான பதிலும், கனிவான நீண்ட பதிலும் ஒரே மதிப்பெண் வாங்கிவிடும். இரண்டிலும் தனித்தனியாக 2 எடுத்தால்தான் தேர்ச்சி என்று வைப்பதே சரி.

சுருக்கத்தை எண்ணிவிடலாம், கனிவை எண்ண முடியாது. அதனால் ஒவ்வொரு பதிலும் கனிவில் 2 எட்டியதா இல்லையா என்று இருவர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். 20 பதில்களில் 16-இல் இருவரும் ஒத்துப்போனால் 80 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவருமே தலா 16 பதில்களைக் ‘கனிவு’ என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 68 சதவீதம் ஒத்துப்போகும். இதைக் கழித்துப் பார்க்கும் அளவுதான் கோஹனின் கப்பா. இங்கே 68 போக மிச்சமுள்ள 32-இல் 12 மட்டுமே கிடைத்திருக்கிறது, அதாவது 0.375, குறைவுதான். அப்படி வந்தால் பயிற்சி பெறுபவரைக் குறை சொல்லும் முன், மாதிரிப் பதில்களை வைத்துக்கொண்டு மதிப்பிடுபவர்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நல்ல பதில் ஒன்றை மனப்பாடம் செய்து எல்லோருக்கும் அனுப்புவது. முதல் செய்தியை மாற்றிப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். ஒருமுறை ஒற்றைப் புள்ளி, அப்புறம் ‘யாராவது இருக்கீங்களா’. ‘இருக்கீங்களா’ என்பதற்கும் அதே ‘ஹாய்’ பதில் வந்தால் மனப்பாடம்தான். கடைசியில், சீட்டை வைத்திருந்தவரிடமும் கேட்க வேண்டும்: இந்தப் பதிலைப் பார்த்ததும் தேர்வு விஷயத்தைச் சொல்லத் தோன்றியதா?