நாலு தடவை போட்டேன், ஒன்றுதான் காட்டுது

பாம்பனில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன வாரம் தன் போனையும் வீட்டுக்காரர் போனையும் கொண்டுவந்து என் கடை மேஜையில் வைத்தார். போன் ரிப்பேர் கடை நடத்துவதால் இப்படிப்பட்ட வழக்குகள் என்னிடம் வரும். "தம்பி, நான் நாலு தடவை போட்டேன். அவுக போன்ல ஒரு மிஸ்டு கால்தான் இருக்கு. அதுவும் போக, ராத்திரி சுவிட்ச் ஆஃப்னு வருது. கடல்ல எதுக்குப் போனை அணைச்சு வைக்கணும்?" அவர் வீட்டுக்காரரான அண்ணனும் கூடவே நின்றார். போனை அணைக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். நாலு அழைப்பையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

முதல் அழைப்பு மதியம் 2.10க்கு. அண்ணன் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார், போன் சட்டைப் பையில் இருந்தது. நாம் எண்ணைப் போட்டதும் நெட்வொர்க் அந்த போனைத் தேடிப் பிடிக்கிறது. போன் கிடைத்து மணி அடிக்கத் தொடங்கியபின்தான் நமக்கு 'ட்ரிங் ட்ரிங்' அல்லது காலர் ட்யூன் கேட்கிறது. எடுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை என்றால் மணி விடியவிடிய அடிக்காது. இந்தியாவில் மொபைலுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடி என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் வரையறுத்தது. அந்த நேரம் முடிந்ததும் நெட்வொர்க்கே நிறுத்திவிடும். மணி அடித்தது, யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை, அழைப்பு நின்றுபோனது. இதைத்தான் போன் 'மிஸ்டு' என்று எழுதிக்கொள்கிறது. அழைத்தவர் பாதியில் வெட்டினாலும் இதே பெயர்தான். பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை மட்டும் அடக்கினாலும் இதே பெயர்தான், ஏனென்றால் அதை வெட்டியதாகப் போன் எடுத்துக்கொள்ளாது.

இரண்டாவது 2.25க்கு. அண்ணன் கையில் நங்கூரக் கயிறு இருந்தது. போனை எடுத்து, சிவப்பை இழுத்து வெட்டிவிட்டு மறுபடி பையில் போட்டார். இது 'மிஸ்டு' கணக்கில் வராது, மறுத்த அழைப்பு என்று தனி வகை. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வகை எண் கொடுத்து வரிசையாக எழுதி வைக்கிறது. வந்து பேசியது 1, நாம் போட்டது 2, மிஸ்டு 3, மறுத்தது 5, தடுத்த எண்ணிலிருந்து வந்தது 6. அண்ணன் 'மிஸ்டு' என்ற பிரிவை மட்டும் தட்டிப் பார்த்திருந்தார். அதில் 3ஆம் வகை மட்டுமே வரும், அதனால் ஒன்றுதான் காட்டியது. முழுப் பட்டியலைத் திறந்ததும் 2.25 அழைப்பு வேறு அம்புக்குறியோடு அங்கேயே இருந்தது.

அக்காவின் போனில் இந்த இரண்டும் எப்படித் தெரிந்தன? ஒரே மாதிரிதான். வெளியே போகும் அம்புக்குறி, பேசிய நேரம் 0 விநாடி. எதிர்முனையில் எடுக்காமல் விட்டார்களா, வெட்டினார்களா என்பதை அவருடைய பட்டியல் பிரித்துக் காட்டவில்லை. நெட்வொர்க்குக்கு அது தெரியும். அழைப்பு முடியும்போது ஒரு காரணக் குறியீடு வந்துதான் முடிகிறது. பதில் இல்லை என்பதற்கு ஒன்று, மறுத்ததற்கு வேறொன்று, லைன் பிஸி என்பதற்கு இன்னொன்று. ஆனால் அழைத்தவருக்கு அது அறிவிப்புக் குரலாகவோ பீப் சத்தமாகவோ காதில் மட்டும் விழுகிறது. இரண்டு மணி அடித்துச் சட்டென்று அறுந்து, 'பிஸி' என்று வந்தால் வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

மூன்றாவது, நாலாவது அழைப்புகள்தான் வீட்டில் சண்டையை மூட்டியவை. மாலை 6.40க்கு அக்கா போட்டபோது சில விநாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரல். இரவு 9.50க்கு "சுவிட்ச் ஆஃப்". அண்ணன் போனில் இந்த இரண்டுக்கும் ஒரு வரிகூடக் கிடையாது. அழிக்கப்படவில்லை, எழுதப்படவே இல்லை. கால் லாக் என்பது அந்தப் போன் தானே பார்த்ததை எழுதும் நோட்டு. படகு கரையை விட்டு விலகி டவர் கைவிட்டபின் வரும் அழைப்பு போன்வரை வந்து சேர்வதே இல்லை. வராத விருந்தாளியை வாசலில் இருப்பவர் எப்படிக் கணக்கில் எழுதுவார்?

சரி, அணைக்காத போன் ஏன் சுவிட்ச் ஆஃப் ஆனது? போனை முறையாக அணைக்கும்போது, மூடுவதற்கு முன் 'நான் போகிறேன்' என்று நெட்வொர்க்குக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணைகிறது. அதனால் அடுத்து யார் அழைத்தாலும் தேடாமல் உடனே சுவிட்ச் ஆஃப் என்று சொல்லிவிடும். படகில் போகும் போன் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை, நடுவில் காணாமல் போகிறது. நெட்வொர்க்கோ அது கடைசியாக இருந்த கரைப் பகுதியிலேயே இருப்பதாக நினைத்துக் கூப்பிட்டுப் பார்க்கிறது. 6.40க்கு அக்கா காதில் விழுந்த அந்த மௌனம் இந்தத் தேடல்தான். பதில் வராததால் எல்லைக்கு வெளியே என்றது.

ஆனால் ஒவ்வொரு போனும் குறிப்பிட்ட இடைவெளியில் 'இங்கேதான் இருக்கிறேன்' என்று தானாகவே தெரிவித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டியும் சத்தமில்லை என்றால், அணைந்துவிட்டதாகவே நெட்வொர்க் குறித்துக்கொள்ளும். அதனால் 9.50க்கு, பையில் உயிரோடு கிடந்த போனுக்கு சுவிட்ச் ஆஃப் என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பின் சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போனவர் போனில் இந்தக் குரலைக் கேட்டு, அவர் வேண்டுமென்றே அணைத்தார் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

இதற்குச் சாட்சி அண்ணன் போனிலேயே இருந்தது, ஆனால் கால் லாக்கில் அல்ல, மெசேஜில். விடிகாலை படகு திரும்பி டவர் கிடைத்ததும், 'இந்த எண்ணிலிருந்து 2 அழைப்புகள் வந்தன' என்று நிறுவனத்தின் எஸ்எம்எஸ் வந்திருந்தது. போனுக்கு எட்டாத அழைப்புகளை நெட்வொர்க் தனியாகக் குறித்து வைத்து, போன் திரும்பிவந்ததும் தெரிவிக்கும் சேவை அது. எல்லா இணைப்புக்கும் இது இருக்காது. லாக்கில் மிஸ்டு ஒன்று, மறுத்தது ஒன்று, எஸ்எம்எஸ்ஸில் இரண்டு. ஆக நாலு. அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அப்ப சரியாத்தான் இருக்கு" என்றார்.

உடனே அண்ணன், "இந்தப் பட்டியலே வேணாம்ப்பா, மொத்தமா அழிச்சு விடு" என்றார். அழிப்பது சுலபம். அவர் போனில் மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி Call history போய், அங்கேயும் மூன்று புள்ளியைத் தட்டி Clear call history கொடுக்க வேண்டும். வேறு போன்களில் ஒரு வரியை அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Delete கொடுக்கும்படி இருக்கும். ஆனால் அழிவது போனில் உள்ள நோட்டு மட்டும். சேமித்த பெயர்கள் அப்படியே இருக்கும், தடுத்து வைத்த எண்களும் தடையிலேயே இருக்கும். அந்த எஸ்எம்எஸ்ஸும் வாட்ஸ்அப் அழைப்புகளின் பட்டியலும் வேறு வேறு இடம் என்பதால் அவையும் போகாது. யார் யாருக்கு எப்போது அழைத்தார் என்ற பதிவு தொலைபேசி நிறுவனத்திடம் தனியாக இருக்கிறது. அதைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 முதல் உரிம நிபந்தனை. நாம் இங்கே அழிப்பது அங்கே எட்டாது.

போவது வேறு ஒன்று, அதில்தான் பலர் ஏமாந்து என்னிடம் வருகிறார்கள். பெயர் போட்டுச் சேமிக்காத எண்கள் அந்தப் பட்டியலில் மட்டுமே இருக்கும். அழித்தால் போனை வைத்து மீட்பது கஷ்டம். கூகுள் பேக்கப் முன்பே போட்டிருந்தாலும், பழைய பட்டியல் பெரும்பாலும் புது போனை அமைக்கும்போதோ ரீசெட் செய்த பிறகோதான் திரும்பும். அதனால் அழிப்பதற்கு முன் வெறும் எண்ணாக நின்ற வரிகளை அண்ணனோடு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் வரியில் நிறுத்தினார். தொண்டியிலிருந்து நண்டு கேட்டுக் கூப்பிட்ட யாவாரி எண். அதைப் பெயர் போட்டுச் சேமித்தோம், அப்புறம்தான் Clear call history தட்டினோம்.