புது கார் ஆர்டரை ரத்து செய்தால் புக்கிங் பணம் எவ்வளவு திரும்பும்? தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்வது

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு புது ஹேட்ச்பேக் காருக்கு 15,000 ராண்ட் கட்டி ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட்டான். ஒன்பதாம் நாள் அவன் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்தது. கார் வேண்டாம் என்று ஷோரூமில் சொன்னதும், அவன் கையெழுத்துக்கு நாலு விரல் மேலே இருந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்கள்: கட்டிய டெபாசிட் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ‘நாம்தானே கையெழுத்துப் போட்டோம்’ என்ற எண்ணம். ஆனால் அந்த வரிக்கு அவ்வளவு வலு கிடையாது.

2008-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, முன்கூட்டியே செய்த புக்கிங்கையோ ஆர்டரையோ ரத்து செய்யும் உரிமையை வாங்குபவருக்குக் கொடுக்கிறது. காரணம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. விற்பவருக்கும் அதே பிரிவில் இரண்டு உரிமைகள் உண்டு: நியாயமான டெபாசிட் கேட்கலாம், ரத்து செய்தால் நியாயமான கட்டணம் பிடிக்கலாம். இந்தச் சட்டம் தரும் உரிமையைப் பறிக்கிற ஒப்பந்த வரி செல்லாது என்று 51-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, ‘எக்காரணம் கொண்டும் தரமாட்டோம்’ என்று அச்சடித்து வைத்திருப்பதாலேயே டீலர் முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு பிடிப்பது நியாயம் என்பதுதான் கேள்வி.

அதை அளக்கச் சட்டம் சில அளவுகோல்கள் தருகிறது. என்ன மாதிரிப் பொருள், ரத்து செய்வதை எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள், அந்தத் தொழிலில் பொதுவான வழக்கம் என்ன என்பவை அதில் உண்டு. காருக்கு முக்கியமானது இன்னொன்று: விற்பவர் உண்மையாக முயன்றால் அதே பொருளுக்கு வேறு ஆள் கிடைக்க வாய்ப்பு இருந்ததா? யாருக்காகப் புக்கிங் செய்யப்பட்டதோ அவர் இறந்துபோனாலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு அதனால் வாங்க முடியாமல் போனாலோ ரத்துக் கட்டணம் எதுவும் பிடிக்கக் கூடாது. சதவிகிதம் என்று எதையும் சட்டம் சொல்லவில்லை. ‘பத்து சதவிகிதம் எங்கள் பாலிசி’ என்று யாராவது சொன்னால், அது அந்தக் கடையின் பாலிசி மட்டும்தான்.

சரி, அக்கா மகன் கதைக்கு வருவோம். அவன் செய்த முதல் தப்பு, ரத்து செய்வதை சேல்ஸ்மேனிடம் போனில் மட்டும் சொன்னது. ‘மேனேஜரிடம் பேசுகிறேன் அண்ணா’ என்று ஒரு வாரம் ஓடியது. அந்த ஒரு வாரத்தில் காரின் கண்ணாடிகளுக்கு, சிக்னலில் கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்குவதைத் தடுக்கிற அந்த ஃபிலிமை ஒட்டிவிட்டார்கள். செலவு 1,850 ராண்ட். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லாததால் அதை எதிர்த்துப் பேச முடியவில்லை. அதே நாளில் ஒரு வரி ஈமெயில் அனுப்பியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஈமெயில் எழுதினோம். கோபமாக ஒன்றும் இல்லை. ஆர்டர் எண், கட்டிய தேதி, தொகை. 17-ஆம் பிரிவின்படி ஆர்டரை ரத்து செய்கிறேன். இந்தக் காருக்காக உங்களுக்கு உண்மையில் ஆன செலவு எது எது, எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். மீதியை இந்தக் கணக்கில் போடுங்கள். அவ்வளவுதான். பிரித்துக் காட்டச் சொன்னதுதான் வேலை செய்தது. முதல் பதிலில் ‘நிர்வாகக் கட்டணம் 15,000’ என்று ஒரே வரி. கார் இன்னும் அவன் பெயரில் பதிவாகவில்லை, நம்பர் பிளேட் போடவில்லை. சனிக்கிழமை ஷோரூம் பக்கம் போனபோது அந்த வெள்ளைக் காரும் அங்கே இல்லை, விற்றுவிட்டார்கள். இதை எல்லாம் எழுதிக் கேட்டபோது இரண்டாவது கணக்கு வந்தது: ஃபிலிம் 1,850, தாள் வேலைக்கு 900. மொத்தம் 2,750 போக 12,250 ராண்ட் கணக்கில் வந்து சேர்ந்தது. அந்த 900-ஐயும் கேட்டிருக்கலாம்தான். வேலை போன நேரத்தில் அவனுக்கு அதற்குத் தெம்பு இல்லை.

அந்தக் கார் ஸ்டாக்கில் நின்ற, எல்லோரும் வாங்குகிற நிறத்தில் இருந்த கார் என்பதை மறக்கக் கூடாது. ஏனென்றால் 17-ஆம் பிரிவுக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. உங்களுக்கென்றே தனியாக வரவழைத்த, செய்த, மாற்றியமைத்த பொருளுக்கு இந்த ரத்து உரிமை பொருந்தாது. டீலர்கள் முதலில் ஓடி ஒளிவது இதற்குப் பின்னால்தான். வேறு ஊரில் இருக்கிற இன்னொரு கிளையிலிருந்து காரை எடுத்து வந்தாலே ‘ஸ்பெஷல் ஆர்டர்’ என்று எழுதிவிடுவார்கள்.

வரவழைப்பது என்ற சொல் சட்டத்தின் விளக்கத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதோடு ‘வாங்குபவரின் குறிப்பிட்ட தேவையை நிறைவு செய்வதற்கென்றே’ என்பதும் சேர்ந்து இருக்கிறது. நான் வைத்துப் பார்க்கிற சோதனை எளிமையானது: அடுத்து ஷோரூமுக்குள் வருகிற ஆளுக்கு இதே காரை விலை குறைக்காமல் விற்க முடியுமா? வெள்ளை நிறம், சாதாரண மாடல், கூடுதல் பொருத்தம் எதுவும் இல்லை என்றால் முடியும். அதை ஸ்பெஷல் ஆர்டர் என்பது வாதத்துக்கு உரியது. அபூர்வமான நிறம், தொழிற்சாலையில் போட வேண்டிய தோல் சீட், தொழிலுக்கென்று மாற்றியமைத்த பின்பகுதி என்றால் டீலர் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போதும் முழுப் பணமும் போனதாக அர்த்தம் இல்லை. ஒப்பந்தத்தை விட்டு விலகுகிறவர் இழக்கிற தொகை, மற்றவருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு மிஞ்சியதாக இருந்தால் கோர்ட் அதைக் குறைக்கலாம் என்று 1962-இன் ஒப்பந்த அபராதச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குக் கோர்ட் வரை போக வேண்டும். அதனால் கையெழுத்துப் போடும்போதே அந்தத் தாளில் ‘ஸ்டாக் கார்’ என்று எழுதி, ஸ்டாக் எண்ணையோ சேசிஸ் எண்ணையோ போடச் சொல்லுங்கள். எண் இருக்கிற கார் ஏற்கெனவே இருக்கிற கார். உங்களுக்காகச் செய்யப்பட்டது என்று பிறகு சொல்வது கஷ்டம்.

எழுத்தில் வாங்க வேண்டிய இரண்டாவது விஷயம் கடன். பேங்க் கடன் கிடைத்தால்தான் இந்த ஆர்டர் செல்லும் என்ற நிபந்தனை தாளில் இருந்து, பேங்க் மறுத்துவிட்டால், ஆர்டரே விழுந்துவிடுகிறது. ரத்துக் கட்டணம் என்ற பேச்சே வராமல் முழுப் பணமும் திரும்ப வேண்டும். ஆனால் வெறுமனே ‘கடன் ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்று இருந்தால் ஒரு பொறி உண்டு. மாதம் 6,500 என்று பேசிவிட்டு 8,200 தவணையில் பேங்க் ஒப்புதல் தரும். நீங்கள் முடியாது என்றால், ‘கடன் கிடைத்ததே, நீங்கள்தான் பின்வாங்குகிறீர்கள்’ என்பார்கள். எவ்வளவு தவணைக்கு மேல் போனால் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்பதையும், எத்தனை மாதம் என்பதையும் அந்த வரியிலேயே பேனாவால் எழுதி இருவரும் சுருக்கொப்பம் போடுங்கள். பேங்க் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை தேசியக் கடன் சட்டத்தில் உண்டு. அந்தக் கடிதம் டீலரிடம் காட்ட உதவும்.

மூன்றாவது டெலிவரி தேதி. ‘ஏறக்குறைய ஆறு வாரம்’ என்பது தேதி ஆகாது. குறிப்பிட்ட தேதியில் தருவதாக ஒப்புக்கொண்டு, ஸ்டாக் இல்லாமல் டீலர் தர முடியாமல் போனால், 47-ஆம் பிரிவின்படி கட்டிய நாளிலிருந்து வட்டியோடு பணத்தைத் திருப்ப வேண்டும். அதனால் உங்களுக்கு நேரடியாக ஏற்பட்ட செலவையும் தர வேண்டும். ஸ்டாக் இல்லாமல் போனது அவர்கள் கையை மீறியது, முன்பே தெரிவிக்கவும் செய்தார்கள் என்றால் அந்தச் செலவுப் பங்கு மட்டும் விலகும். தேதி இல்லாவிட்டால் இந்தப் பாதுகாப்பைப் பிடித்துக்கொள்ள இடம் இல்லை. கூடவே, டெலிவரிக்கு முன் விலை ஏறினால் கட்டணமில்லாமல் விலகலாம் என்று ஒரு வரி கேளுங்கள். விலை டெலிவரி நாளில் உள்ளதே என்று பல தாள்களில் அச்சாகியே இருக்கும்.

அப்புறம், ரத்துக் கட்டணம் அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை வேலை நாளுக்குள் பணம் திரும்பும் என்ற இரண்டும். 17-ஆம் பிரிவில் திருப்பித் தர நாள் கணக்கு இல்லை, அதனால் தாளில் எழுதினால்தான் உண்டு. பணத்தை டீலர்ஷிப் கணக்குக்கே அனுப்புங்கள், சேல்ஸ்மேன் கணக்குக்கு வேண்டாம். வாங்கிய டெபாசிட்டை டீலர் தன் சொந்தப் பணமாக நடத்தக் கூடாது என்று 65-ஆம் பிரிவு சொல்கிறது.

‘ஐந்து நாளுக்குள் காரணமே இல்லாமல் ரத்து செய்யலாம்’ என்று குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். அந்த ஐந்து வேலை நாள், விற்பவர் தாமாக உங்களைத் தேடி வந்து விற்ற நேரடி விற்பனைக்கு மட்டும். நீங்களே ஷோரூமுக்குப் போய் வாங்கினால் அது கிடையாது. கம்பெனி பெயரில் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும்: ஆண்டு விற்றுமுதலோ சொத்தோ 20 லட்சம் ராண்டைத் தொட்ட கம்பெனிக்கு இந்த நுகர்வோர் சட்டமே பொருந்தாது.

டீலர் பதில் தராவிட்டால் அங்கேயே மேலாளருக்கு எழுத்தில் புகார், அதற்கும் சரியான பதில் இல்லை என்றால் மியோசா எனப்படும் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளர். அங்கே நுகர்வோருக்குச் செலவில்லை. ஆர்டர் தாள், பணம் கட்டிய ரசீது, நீங்கள் அனுப்பிய ஈமெயில்கள் மூன்றும் கேட்பார்கள். தொகை 20,000 ராண்டுக்குள் இருந்தால் சிறு வழக்கு நீதிமன்றமும் ஒரு வழி. வக்கீல் தேவையில்லை. டீலருக்கு 14 நாள் அவகாசம் கொடுத்து எழுதிய கடிதத்தின் நகலும் அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் கையில் இருந்தால் கிளார்க் சம்மன் போட்டுக் கொடுப்பார்.