ஆச்சி சரின்னு சொல்லிட்டா ஆர்டர் ஆயிடுமா?

விற்பனை மேலாண்மைப் பாடத்தில் நேரடி விற்பனையை ஏழு படிகளாகச் சொல்லித்தருவார்கள். வாங்கக்கூடியவரைத் தேடுவது, அவரைப் பற்றி முன்கூட்டித் தெரிந்துகொள்வது, அணுகுவது, விளக்கிக் காட்டுவது, மறுப்புகளுக்குப் பதில் சொல்வது, ஆர்டரை முடிப்பது, அப்புறம் தொடர்ந்து கவனிப்பது. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கரையான் தடுப்பு வேலைக்கு ஆர்டர் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் நானும் சொல்லித்தருகிறேன். ஆர்டர் கைநழுவினால் எல்லாரும் விலையைக் குறை சொல்வார்கள். நான் பார்த்த வரை, முதல் இரண்டு படிகளிலேயே அது நழுவியிருக்கும்.

ஒரு வீட்டின் முகவரி கிடைப்பது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. மரவேலை செய்யும் ஆசாரி சொல்வார், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சொல்வார், வயரிங் வேலைக்குப் போனவர் சொல்வார். ஆனால் அந்த முகவரி வாடிக்கையாளராக ஆவதற்கு மூன்று விஷயம் வேண்டும்: தேவை, பணம், முடிவெடுக்கும் உரிமை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தேவை கண்ணுக்கே தெரியும். பணமும் பெரும்பாலும் இருக்கும். உரிமை மட்டும் நாலு ஊரில் பிரிந்து கிடக்கும். முகப்பும் பட்டாலையும் எல்லாருக்கும் பொது, வளவு என்ற உள்முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குத் தனித்தனி. ஒவ்வொரு அறையின் சாவியும் ஒவ்வொரு குடும்பத்திடம் இருக்கும்.

தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு வீடு. எங்கள் பையன் ஒருவன் போய் அங்கே குடியிருந்த ஆச்சியிடம் பேசினான். சுவரில் கரையான் கட்டிய மண் குழாய் ஏறியிருப்பதைக் காட்டினான். ஆச்சி உடனே, “சரி தம்பி, செஞ்சிருவோம்” என்றார். அவனும் ₹88,000 என்று ஒரே தொகையாக எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மாதக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். அதன்பிறகு எப்போது போன் செய்தாலும், “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்ற பதில்தான். அவன் விலையைக் குறைக்க அனுமதி கேட்டு என்னிடம் வந்தான்.

வீட்டில் எத்தனை பங்கு என்று கேட்டேன். தெரியவில்லை. இரண்டாம் படி நடக்கவே இல்லை என்று அப்போது புரிந்தது. திரும்பப் போனவன் ஆச்சியிடம் விலையைப் பற்றிப் பேசவில்லை. “பங்காளிகள் எல்லாரும் அடுத்து எப்ப ஆச்சி கூடுவாங்க?” என்று மட்டும் கேட்டான். “மாசியில படைப்பு இருக்குல்ல, அப்ப வருவாக” என்றார். முன்னோருக்குப் படையலிட்டுப் பங்காளிகள் கூடும் நாள் அது. மொத்தம் நாலு பங்கு: ஆச்சி, சென்னையில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், மலேசியாவில் ஒருவர். ஆச்சி ‘சரி’ என்றது உண்மைதான். அது அவருடைய ஒரு பங்குக்கான சரி. ஆனாலும் வீட்டுக்குள் நம்மை விடுவதும், மற்றவர்களிடம் நமக்காகப் பேசுவதும் அவர்தான். எனவே அவரைத் தாண்டிச் சென்னைக்குப் போன் போடுவதும் தப்பு. அவர் வழியாகவே அந்த நம்பரை வாங்க வேண்டும்.

விளக்கிக் காட்டுவதில் எங்கள் தொழிலுக்கு ஒரு வசதி உண்டு. மண் குழாயின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி, போட்டோ எடுத்து வைக்க வேண்டும். நாலைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், கரையான் நடமாட்டம் இருந்தால் உடைத்த இடத்தை ஈர மண்ணால் அடைத்திருக்கும். வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாம், நம் பேச்சை நம்ப வேண்டியதில்லை. அடைக்கவில்லை என்றால் கரையான் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது, வேறு வழி போட்டிருக்கலாம். அதையும் சொல்லிவிட வேண்டும். உடைத்தபோது ஒன்று, அடைத்த பிறகு ஒன்று என்று எடுத்த இரண்டு போட்டோவும்தான் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

மறுப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் சென்னையிலிருந்து. அந்த அண்ணன் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “தரையில ஓட்டை போடுவீங்களா?” என்றார். இதைத்தான் நான் உண்மையான மறுப்பு என்பேன். ‘கலந்து பேசுறோம்’ என்பதற்குப் பதில் சொல்ல முடியாது, இதற்குச் சொல்லலாம். கட்டி முடித்த வீட்டில் வழக்கமான முறை இதுதான்: சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளையை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் மருந்துக் கரைசல் விடுவோம். 30 மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய 100 துளை வரும். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் யாருக்குத்தான் மனசு வரும்? கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்த கல் அது. அதே டிசைனில் புதிதாகச் செய்து வாங்கினாலும், பழைய கல்லின் வண்ணத்தோடு அப்படியே சேருவது கஷ்டம்.

இந்த இடத்தில் “ஒண்ணும் ஆகாது சார்” என்பவன் ஆர்டரை இழப்பான், அல்லது ஆர்டரை எடுத்துவிட்டுப் பேரை இழப்பான். நாங்கள் சொன்னது: வெளிப்பக்கம் அடிமட்டச் சுவரில் சாய்வாகத் துளைக்கிறோம், சிமெண்டுத் தரை இருக்கும் பின்கட்டில் உள்ளேயும் துளைக்கிறோம், ஆத்தங்குடிக் கல் இருக்கும் வளவில் கை வைக்க மாட்டோம். அதனால் வளவின் நடுச் சுவர்களுக்குப் பாதுகாப்பு குறையும், அந்தப் பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது. இதை அப்படியே எழுதியும் கொடுத்தோம். பின்கட்டில் கிணறு இருந்தது. அதன் பக்கத்தில் மருந்து விடுவதில்லை என்பதையும் சேர்த்தோம்.

இன்னொரு மறுப்பு கோயம்புத்தூரிலிருந்து. “எல்லாம் பர்மாத் தேக்கு, கரையான் எப்படி அரிக்கும்?” பாதி சரிதான். தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் லேசில் தொடாது. வெளிறிய ஓரக் கட்டையையும், பிறகு வைத்த வேறு மரத்தையும், அலமாரியில் கிடக்கும் கணக்குப் புத்தகங்களையும் அரிக்கும். அவர் சொன்ன பாதியை ஒப்புக்கொண்ட பிறகுதான் மீதியைக் காது கொடுத்துக் கேட்டார்.

ஆர்டரை முடித்தது ஒரு காகிதம் என்றுகூடச் சொல்லலாம். ஜி.எஸ்.டி. உட்பட ₹88,000 அப்படியே இருந்தது, ஒரு ரூபாய் குறைக்கவில்லை. பொது இடங்கள் தனியாக, அறைகள் தனியாகப் பிரித்து, பங்குக்கு ₹22,000 என்று எழுதினோம். படைப்புக்கு எல்லாரும் வந்திருந்தபோது நாலு கையெழுத்தும் ஒரே நாளில் விழுந்தன. “எப்ப ஆரம்பிக்கலாம்?” என்று பையன் கேட்கவில்லை. “படைப்பு முடிஞ்ச மறுவாரமா, பங்குனியிலயா?” என்று கேட்டான். இரண்டில் எதைச் சொன்னாலும் நாள் குறித்தாகிவிடும். சம்மதம் உறுதியான பிறகு மட்டும் இதைக் கேட்கலாம், அதற்கு முன்னால் கேட்டால் நெருக்குவதாகத் தெரியும்.

வேலை நாளில் ஒரு நுணுக்கம். இப்போது பரவலாகப் பயன்படும் இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்சி மருந்துக்கு வாசனை இல்லை என்றே சொல்லலாம். லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லிதான் கலப்போம், 100 லிட்டருக்கு 210 மில்லி. மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் சீல் உடைப்பதும் அளப்பதும் வீட்டுக்காரர் கண் முன்னால் நடக்க வேண்டும்.

தொடர்ந்து கவனிப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு தடவை. மழைக்குப் பிறகு உதிர்ந்து கிடக்கும் ஈசல் சிறகு, புதிய மண் குழாய் இரண்டையும் தேடுவோம். அந்த வீட்டில் மலேசியாக்காரரின் அறை வேலை நாளில் பூட்டியே கிடந்தது, சாவி அவர் மாமனார் வீட்டில். அந்த அறையை விட்டுவிட்டு ‘முடிந்தது’ என்று எழுதியிருந்தால், கரையான் அங்கிருந்து மறுபடி கிளம்பும்போது பழி நாலு பங்குக்கும் நடுவில் எங்கள் மேல் விழும். உத்தரவாத அட்டையில் ‘வடக்கு அறை பாக்கி’ என்று எழுதி, அந்தப் பங்குப் பணத்தில் அறைக்கு உரியதை வாங்காமல் வைத்தோம். வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குச் சாவி வந்தது. அன்று மாலையே போய் முடித்து, அட்டையில் தேதி போட்டு, குழுவில் போட்டோ அனுப்பினோம். பாக்கிப் பணம் மறுநாள் மலேசியாவிலிருந்து வந்தது.