தூக்க மாத்திரையை நிறுத்திய மறுநாள் வரும் தூக்கமின்மை

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்ட 72 வயது அம்மா ஒருவர் மூன்றாம் நாள் இரவில் பிதற்றத் தொடங்கிவிட்டார் என்று அண்மையில் எலும்பு மருத்துவப் பிரிவிலிருந்து என்னை அழைத்தார்கள். கைகள் நடுங்கின, உடல் வியர்த்திருந்தது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னார். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லை. இரத்தப் பரிசோதனைகளும் சரியாகவே இருந்தன. வீட்டில் போடும் மருந்துகளை மகளிடம் இரண்டாம் முறை வற்புறுத்திக் கேட்டபோதுதான், "தூங்கறதுக்கு ஒரு சின்ன மாத்திரை போடுவாங்க டாக்டர், அதையெல்லாம் சொல்லணும்னு தோணல" என்றார். கணவர் இறந்த துக்கத்தில் இரண்டு வாரத்திற்கென எழுதப்பட்ட அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம், ஏழு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் தொடர்ந்திருக்கிறது. நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்தபோது அவர் தடுமாறி விழுந்ததில் அந்த மாத்திரைக்குப் பங்கு உண்டு. மருத்துவமனையில் அது திடீரென நின்றுபோனதே பிதற்றலுக்குக் காரணம். இதே கதையை வெவ்வேறு குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

"ஒரு நாள் போடாமல் பார்த்தேன், கண்ணே மூடவில்லை, ஆகவே எனக்கு மாத்திரை இல்லாமல் முடியாது" என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். இந்த முடிவு தவறு. அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம் ஆகிய பென்சோடயசிபைன் மாத்திரைகள் சில வாரங்களிலேயே மூளையைத் தமக்குப் பழக்கிவிடுகின்றன. அப்படிப் பழகிய மூளைக்கு ஒரு நாள் மருந்து கிடைக்காவிட்டால், முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மையும் படபடப்பும் எரிச்சலும் சில நாள்களுக்கு வரும். அது பழைய நோய் இன்னும் இருப்பதற்கான அடையாளமன்று, மருந்து விலகுவதன் விளைவு. மாத்திரை போட்டதும் அந்தத் துன்பம் அடங்குவதால் மாத்திரை தூக்கம் தருவதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது தானே உண்டாக்கிய குறையைத்தான் அந்த இரவுக்குத் தணிக்கிறது. பழக்கமான பின் தூக்கத்திற்கு அதனால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு, ஆனால் தள்ளாட்டமும் மறதியும் மட்டும் குறையாமல் தொடர்கின்றன. வயதான உடலில் மருந்து வெளியேற அதிக நேரமாகும். டயசிபாம் போன்றவை நாள்கணக்கில் தங்கும்.

எனவே இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு வாரம் என்பதே இம்மருந்துகளுக்கான எல்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தூக்கத்திற்காக இவற்றைத் தொடங்காமலிருப்பதே நல்லது. அல்பிரசோலம் இந்தியாவில் 2014 முதல் எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கி வரும் பிள்ளைகளே, அது அம்மாவுக்குச் செய்யும் உதவியல்ல.

அதற்காக இன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அந்த அம்மாவுக்குப் பழைய அளவையே மீண்டும் கொடுத்துப் பிதற்றல் அடங்கிய பிறகு, வீடு திரும்பியதும் குறைக்கத் தொடங்கினோம். 0.25 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, அதாவது மொத்த அளவில் எட்டில் ஒன்று, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை குறைந்தது. ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு இரவுகள் தூக்கம் கெட்டது, பிறகு தேறியது. கடைசிப் படிகள்தான் கடினமானவை என்பதால் அவற்றை நான்கு வாரமாக நீட்டினோம். ஆறு மாதத்திற்குள் மாத்திரை நின்றது.

அதோடு கூடவே படுக்கை நேரத்தையும் மாற்றினோம். அவர் எட்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவார், தூங்குவதோ ஆறு மணி நேரம். மீதி மூன்று மணி நேரம் புரண்டுகொண்டிருப்பதையே நோய் என்று எண்ணியிருந்தார். பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழச் சொன்னோம். தூக்கம் இடையில் அறுபடாமல் வந்த பிறகு, வாரம் பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுக்கச் சொன்னோம். பகல் தூக்கம் மதியம் அரைமணி நேரத்தோடு நின்றது. மாலையில் போட்டுக்கொண்டிருந்த சிறுநீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றியதில் இரவில் எழுவதும் குறைந்தது. தூக்கத்தைக் கெடுக்கும் மூட்டுவலி, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நிற்பது ஆகியவற்றையும் மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்த மாத்திரைக்குப் பதிலாகச் சளி மாத்திரையையோ அலர்ஜி மாத்திரையையோ தூக்கத்திற்குக் கொடுக்காதீர்கள். முதியவர்களுக்கு அவற்றால் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரும். சோல்பிடெம் என்ற வேறு வகைத் தூக்க மாத்திரை பாதுகாப்பானது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம், அதிலும் விழுகிறார்கள். வலிப்பு நோய்க்காகக் குளோனசிபாம் எடுப்பவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கக் கூடாது. எந்தக் காரணத்திற்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், தூக்க மாத்திரையின் பெயரையும் அளவையும் எத்தனை ஆண்டுகளாகப் போடுகிறார் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.