ஸ்கேன் செய்த சான்றிதழின் அடியில் இருந்த பழைய மதிப்பெண்

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் தரும் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் தொழில். முன்பொரு முறை ஒரு பட்டதாரியின் ஒட்டுமொத்த மதிப்பெண் பட்டியல் ஸ்கேன் பிடிஎஃப்பாக வந்தது. 2000க்கு 1356, 67.8 சதவீதம், முதல் வகுப்பு. முத்திரை, கையெழுத்து, தாளின் மடிப்புக் கோடு எல்லாம் இருந்தன. திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோப்பின் உள்விவரங்கள் வேறு கதை சொல்லின.

முதலில் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொண்டு நகலில்தான் வேலை செய்வேன். எதையாவது திறந்து தெரியாமல் சேமித்துவிட்டால் சாட்சியே மாறிவிடும். பிறகு, கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் pdfinfo கட்டளை:

```
CreationDate:  Mon Jun 13 11:20:41 2022 IST
ModDate:       Sat Mar  9 22:47:05 2024 IST
```

Creator என்ற இடத்தில் ஓர் அலுவலக ஸ்கேனரின் பெயர் இருந்தது. Producer என்ற இடத்தில் பிடிஎஃப்களைத் திருத்தும் மென்பொருள் ஒன்றின் பெயர். 2022இல் ஸ்கேன் ஆன கோப்பு, விண்ணப்பக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு இரவு பத்தே முக்காலுக்குத் திருத்தப்பட்டிருக்கிறது.

இதை வைத்தே போலி என்று முடிவு கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. நம் ஊரில் விண்ணப்பத் தளங்கள் கோப்பின் அளவு இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும். உடனே பிரவுசிங் சென்டருக்கு ஓடி, ஏதாவது இணையதளத்தில் போட்டுச் சுருக்கி வாங்கி வருவார்கள். அப்போதும் Producer மாறும், திருத்திய தேதியும் மாறும். தவிர, இந்த விவரங்களை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஆகவே இங்கே எனக்குக் கிடைப்பது ஒரு சந்தேகம் மட்டும்தான்.

அடுத்தது படங்கள். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் சாதாரணமாக முழுப் பக்கத்துக்கும் ஒரே படம் இருக்கும். pdfimages -list கொடுத்தால் பக்கத்தில் எத்தனை படங்கள், ஒவ்வொன்றும் என்ன அளவு என்று வரும். தேவையான பத்திகளை மட்டும் தருகிறேன்:

```
num  width  height  enc    x-ppi
0    1654   2339    jpeg   200
1    118    46      image  144
2    124    46      image  144
3    150    46      image  144
```

முதல் வரிசை ஏ4 தாளின் 200 டிபிஐ ஸ்கேன். மற்ற மூன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமே வரும் துண்டுகள். அவற்றின் அடர்த்தியும் வேறு, சுருக்கிய முறையும் வேறு. ஸ்கேனர் ஒரே தாளை இப்படி எடுக்காது. பிடிஎஃப் எடிட்டரில் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தேன். மூன்றும் உட்கார்ந்திருந்த இடங்கள்: மொத்த மதிப்பெண், சதவீதம், வகுப்பு.

இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. சில ஸ்கேனர்கள் கோப்பைச் சிறிதாக்க, எழுத்துகளை ஓர் அடுக்காகவும் தாளின் பின்னணியை இன்னோர் அடுக்காகவும் பிரித்து வைக்கும். அதனால் எந்தத் தவறும் இல்லாத பக்கத்திலும் நாலைந்து படங்கள் வரலாம். 2011 ஏப்ரல் 27 அன்று வெள்ளை மாளிகை ஒபாமாவின் பிறப்புச் சான்றிதழை பிடிஎஃப்பாக வெளியிட்டபோது, அதில் அடுக்குகள் இருப்பதைக் கண்டு போலி என்று பலர் குதித்தார்கள். சான்றிதழ் உண்மையானதுதான் என்று ஹவாய் மாநில அதிகாரிகளே உறுதிப்படுத்தினார்கள். ஸ்கேனர் பிரிக்கும் அடுக்கில் பக்கம் முழுக்க உள்ள எழுத்துகள் கலந்து கிடக்கும். பாதிப் பெயர் ஓர் அடுக்கில், மீதி இன்னொன்றில் என்று அர்த்தமில்லாமல் பிரிந்திருக்கும். மனிதன் ஒட்டிய துண்டு, மாற்றினால் லாபம் தரும் எண்ணின் மேல் மட்டும் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கையை விட இடத்தைப் பாருங்கள்.

இனி மறைந்திருக்கும் எழுத்து. பல அலுவலக ஸ்கேனர்கள் தாளைப் படம் எடுப்பதோடு, ஓசிஆர் மூலம் அதிலுள்ள எழுத்துகளைப் படித்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்தாகப் படத்தோடு சேர்த்துவிடும். ஸ்கேன் கோப்பில் நாம் ஒரு சொல்லைத் தேட முடிவது இதனால்தான். படத்தின் மேல் துண்டு ஒட்டுபவர் பெரும்பாலும் இதை மறந்துவிடுவார். பார்ப்பதற்கு மென்பொருள்கூட வேண்டாம். கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C கொடுத்து நோட்பேடில் ஒட்டினால் போதும். நான், கோப்பிலுள்ள எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும் pdftotext கொடுத்தேன்:

```
TOTAL      : 1156 / 2000
PERCENTAGE : 57.8
CLASS      : SECOND
```

திரையில் தெரிவது 67.8, அடியில் கிடப்பது 57.8. ஓசிஆர் தப்பாகப் படித்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், மங்கிய எண்ணில் 3ஐ 8 என்று படிப்பது அன்றாடம் நடப்பது. ஆனால் FIRST என்பதை SECOND என்று எந்த ஓசிஆரும் படிக்காது. 1156ஐ 2000ஆல் வகுத்தால் சரியாக 57.8 வருகிறது. மூன்று தவறுகள் ஒன்றோடொன்று இப்படிப் பொருந்தி நிற்காது.

கடைசியாக, பழைய பக்கத்தையே மீட்க முடியுமா என்று பார்த்தேன். பிடிஎஃப்பைத் திருத்திச் சும்மா ‘சேவ்’ கொடுத்தால், பல மென்பொருள்கள் பழைய கோப்பை அழிக்காமல் மாற்றத்தை மட்டும் அதன் வாலில் சேர்க்கும். கோப்பு முடியும் இடத்தில் %%EOF என்ற குறி இருக்கும். வால் சேர்ந்தால் இன்னொரு குறியும் வரும். அவை எந்த பைட்டில் இருக்கின்றன என்று தேடலாம்:

```
grep -a -b -o '%%EOF' cert.pdf
412644:%%EOF
438917:%%EOF
head -c 412650 cert.pdf > pazhaya.pdf
```

முதல் குறியோடு வெட்டிய கோப்பு ஒழுங்காகத் திறந்தது. அதே மடிப்புக் கோடு, அதே முத்திரை, 57.8, இரண்டாம் வகுப்பு. இணையத்தில் வேகமாகத் திறக்கும்படி அமைத்த கோப்புகளில் இயல்பாகவே இரண்டு குறி இருக்கும். அப்படிப்பட்டதா என்பதை pdfinfo காட்டும் Optimized வரியில் பார்க்கலாம். இதில் no என்றே இருந்தது. டிஜிட்டல் கையெழுத்து போட்டாலும் வால் வளரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திருத்தியவர் அந்தக் கோப்பை மறுபடி ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ செய்திருந்தால் பழைய பதிப்பும் தேதியும் போயிருக்கும். அச்செடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்திருந்தால் துண்டுகளும் ஒரே படத்தில் கரைந்திருக்கும். புதிதாக ஓசிஆர் ஓடினால் அதுவும் 67.8 என்றே படிக்கும். ஆகவே எதுவும் சிக்கவில்லை என்பது உண்மையான சான்றிதழ் என்பதற்கு ஆதாரம் ஆகாது. அந்த நிலையில் சான்றிதழ் கொடுத்த இடத்தில் கேட்பதுதான் வழி.

சிக்கினாலும் கேட்கத்தான் வேண்டும். என் அறிக்கையில் ‘போலிச் சான்றிதழ்’ என்று எழுதவில்லை. ‘இந்தக் கோப்பில் மூன்று இடங்களில் படம் ஒட்டப்பட்டுள்ளது, முந்தைய பதிப்பு இணைக்கப்பட்டுள்ளது, திருத்தியவர் யார் என்பதைக் கோப்பு சொல்லாது’ என்றே எழுதினேன். பதிவெண்ணோடு பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் போனது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: 1156.

பதில் வந்த பிறகு, பக்கத்து மேஜைக்காரர் அந்தப் பட்டியலின் பாட மதிப்பெண்களை ஒரு கால்குலேட்டரில் கூட்டினார். திருத்தியவர் மொத்தத்தை மாற்றினாரே தவிர, பாடங்களை விட்டுவிட்டார். கூட்டுத்தொகை 1156. “இதுக்கா சார் இவ்வளவு நேரம்?” என்றார்.