வரிசை நீண்டிருந்தது, பணப்பெட்டி நிறையவில்லை

சந்தைகளிலும் அடுக்கக விழாக்களிலும் இரண்டு நாள் உணவுக் கடை போடுவது என் தொழில். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதும் உண்டு. அப்படி என்னிடம் வந்த ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு வார இறுதிச் சந்தையில் குழிப்பணியாரக் கடை போட்டிருந்தார். இரண்டு நாளும் மாலை 4 மணி முதல் 9 மணி வரை. 6.30 முதல் 8.30 வரை கடைக்கு முன்னால் எப்போதும் பதினைந்து பேர் நின்றார்களாம். ஆனால் ஞாயிறு இரவு எண்ணிப் பார்த்தால் கையிலிருந்து சுமார் இரண்டாயிரம் ரூபாய் போயிருந்தது. "இவ்வளவு கூட்டம் வந்தும் எப்படிம்மா நஷ்டம்?" என்று கேட்டார். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் ஒரு தட்டின் அடக்க விலை. ஒரு தட்டுக்கு ஆறு பணியாரம், விலை 70 ரூபாய். "மாவு, எண்ணெய், வெங்காயம் எல்லாம் சேர்த்து 12 ரூபாய்தான் ஆகும், மிச்சம் 58" என்பது அவர் கணக்கு. உண்மையில் ஒரு தட்டுக்கு 150 கிராம் மாவு போகிறது, வீட்டில் அரைத்தாலும் அது 6 ரூபாய். வெங்காயம், மிளகாய், தாளிப்புக்கு 3, எண்ணெய்க்கு 3. அவர் விட்டுவிட்டது மீதிப் பாதியை. இரண்டு சட்னிக்கு 7 ரூபாய், மாவை விட சட்னிதான் விலை கூட. பாக்குமட்டைத் தட்டு 3.50, மரக்கரண்டி 1, டிஷ்யூ 50 காசு. கருகியது, உடைந்தது, ருசி பார்க்கக் கொடுத்தது என்று 1 ரூபாய். கூட்டினால் 25. ஆக ஒரு தட்டில் நிற்பது 58 இல்லை, 45.

தட்டுச் செலவைக் குறைக்கிறேன் என்று பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை இருக்கிறது, சந்தையிலேயே வந்து பறிமுதல் செய்வார்கள். செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதும் கூடாது, அச்சு மை சூடான எண்ணெயில் இறங்கும்.

அடுத்தது, ஒரு தட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு. கடை வாடகை இரண்டு நாளுக்கு 6,000. உதவிக்கு இரண்டு பேர், நாளுக்கு 800 வீதம் 3,200. வண்டி 1,200, கேஸ் 1,000, ஐஸ், தண்ணீர் கேன், பேனர் எல்லாம் 600. மொத்தம் 12,000. இதை 45ஆல் வகுத்தால் 267 தட்டு. அத்தனை விற்ற பிறகுதான் முதல் ரூபாய் லாபம். அந்த அக்கா சனிக்கிழமை 122 தட்டும் ஞாயிறு 118 தட்டும் விற்றிருந்தார். மொத்தம் 240.

இங்கேதான் பலர் "விலையை ஏற்றலாமா, இன்னும் விளம்பரம் செய்யலாமா" என்று யோசிக்கிறார்கள். ஆட்கள் வந்து நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நான் கேட்ட கேள்வி வேறு: "உங்க அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தட்டு தரும்?" அவருக்குத் தெரியவில்லை. கடை போடும் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. ஆனால் வாடகை கட்டுமா, எவ்வளவு மாவு கொண்டுபோவது, வரிசையை எப்படி நிறுத்துவது என்ற மூன்றுக்கும் இந்த ஒரு எண்தான் பதில் சொல்லும்.

அவரிடம் இருந்தது 12 குழிக் கல் இரண்டு. எண்ணெய் விட்டு, மாவு ஊற்றி, மூடி, திருப்பி, எடுக்க 5 நிமிடம். காகிதத்தில் மணிக்கு 12 ஈடு வரும். துடைப்பது, மாவுப் பாத்திரம் மாற்றுவது எல்லாம் சேர்த்தால் நடைமுறையில் 10 ஈடுதான். ஒரு ஈட்டுக்கு இரண்டு தட்டு, இரண்டு கல்லுக்கும் சேர்த்து மணிக்கு 40 தட்டு. கூட்டம் அடர்த்தியாக இருக்கும் இரண்டு மணி நேரத்தில் 80. மீதி மூன்று மணி நேரம் வந்தவர்களுக்கு மட்டும் சுட்டால் மணிக்குப் பதினைந்து வீதம் 45. ஒரு நாளைக்கு 125, இரண்டு நாளுக்கு 250. அதாவது அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் அந்தக் கடை 267ஐத் தொட்டிருக்க முடியாது. பணம் கட்டிய அன்றே நஷ்டம் முடிவாகிவிட்டது.

இந்த எண்ணை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சந்தைக்குக் கொண்டுபோகப் போகும் அதே கல், அதே அடுப்பு, அதே ஆட்களை வைத்து ஒரு மணி நேரம் நிறுத்தாமல் சுட்டுப் பாருங்கள். முதல் பத்து நிமிட வேகத்தைப் பெருக்கிக் கணக்குப் போடக் கூடாது, கை தளரும், கல் சூடு மாறும். திறந்தவெளியில் காற்று சுடரைச் சாய்த்தால் 5 நிமிட ஈடு 7 நிமிடம் ஆகிவிடும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகரத் தடுப்பு வைத்தால் இது சரியாகும். சிலிண்டர் தடுப்புக்கு வெளியே, காற்றோட்டமாக இருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரைக் கடைக்கு எடுத்து வராதீர்கள், 19 கிலோ வணிக சிலிண்டர்தான் முறை.

இன்னொன்று, தட்டின் எண்ணிக்கை கல்லோடு பொருந்த வேண்டும். முன்பு நான் தட்டுக்கு ஐந்து என்று விற்றேன். 12 குழியில் ஒவ்வொரு ஈட்டிலும் இரண்டு மிஞ்சும், அடுத்த ஈடு வரும் வரை மூன்றாவது ஆள் காத்திருப்பார், அந்த இரண்டும் ஆறிப்போகும். ஆறாக மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

சரி, சரக்கு. "ஐயாயிரம் பேர் வருவார்கள்" என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னதை நம்பி அவர் சனிக்கிழமையே 40 கிலோ மாவு கொண்டுபோனார். அவருடைய அடுப்பு ஒரு நாளில் சுடக்கூடியது 19 கிலோதான். மீதி இருபது கிலோவுக்கு மேல் இரவுக்குள் பொங்கி, ஞாயிறு காலையில் நீர்த்துப் புளித்துக் கிடந்தது. அதில் ஊற்றினால் குழியில் ஒட்டும், உள்ளே கொழகொழவென்று இருக்கும். கொட்டிவிட்டு பாக்கெட் மாவு வாங்கினார். தட்டுக் கணக்கில் வந்த நஷ்டத்தோடு இதுவும் சேர்ந்துதான் இரண்டாயிரம் ஆனது. வரும் கூட்டத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அடுப்பின் உச்சம் உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு கிலோ கூட ஏற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாவைத் தனியாக, ஒரு நாள் தள்ளி அரையுங்கள். கடையில் மூன்று கிலோ டப்பாக்களாகப் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்து, ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைத் திறக்க வேண்டும்.

மாவு புளித்தால் ருசிதான் போகும். தேங்காய்ச் சட்னி கெட்டால் சாப்பிட்டவருக்கு வயிறு போகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் ஊர் மாலை வெயில் அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தேங்காய்ச் சட்னியை ஒரே குண்டானில் வைக்காமல், ஒன்றரை மணி நேரத்துக்கு ஆகும் அளவில் சின்ன டப்பாக்களில் ஐஸுக்குள் வைத்து, ஒவ்வொன்றாக எடுங்கள். புதுசை பழையதோடு கலக்காதீர்கள். ஓரத்தில் நுரை தெரிந்தாலோ, தண்ணீர் பிரிந்து நின்றாலோ, மூக்கில் ஏறும் புளிப்பு வாசம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். ஆனால் வாசம் வராமலும் கெட்டிருக்கும், அதனால் டப்பாவின் மேல் திறந்த நேரத்தை எழுதி வையுங்கள். நன்றாக வதக்கி எண்ணெய் பிரிந்த தக்காளிச் சட்னியை முக்கியச் சட்னியாகவும், தேங்காயை ஒரு கரண்டி மட்டும் துணையாகவும் வைப்பது என் வழக்கம்.

அப்புறம் வரிசை. மணிக்கு 40 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு ஒன்றரை நிமிடம். பதினைந்தாவது ஆள் ஆளுக்கு ஒரு தட்டு என்றாலே இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். நான் பார்த்தவரையில் பத்து நிமிடம் தாண்டினால் குழந்தையோடு வந்தவர்கள் முதலில் விலகுவார்கள். அதிலும் அந்த அக்கா கடையில் பணம் வாங்குவதும் தட்டு கொடுப்பதும் ஒரே இடத்தில். யுபிஐ போகாமல் ஒருவர் போனை ஆட்டிக்கொண்டு நின்றால், சுட்ட தட்டு பின்னால் காத்திருந்தது. அடுப்பே போதாத இடத்தில் அடுப்பையும் சும்மா நிறுத்தி வைத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அவர் அடுத்த சந்தைக்குப் போனபோது இதையெல்லாம் மாற்றினோம். மூன்றாவது கல்லும் அடுப்பும் சேர்த்தோம், ஒரே ஆள் மூன்று கல்லைச் சமாளிக்க முடிகிறது. கடையின் இடது மூலையில் பணம் வாங்கி எண் போட்ட டோக்கன் கொடுப்பது, வலது மூலையில் டோக்கனைப் பார்த்துத் தட்டு கொடுப்பது. பணத்தைத் தொடும் கை உணவைத் தொடாது. விலைப் பலகையும் ஒரு க்யூஆர் அட்டையும் வரிசையின் மூன்றாவது ஆள் நிற்கும் இடத்தில் தொங்கியது, முன்னால் வருவதற்குள் பணம் போட்டு முடித்திருப்பார்கள். கூட்டம் ஏறும் முன், 6.15க்கே நிறுத்தாமல் சுட ஆரம்பித்து, அடியில் துணி விரித்த ஹாட்பாக்ஸில் நாலைந்து தட்டுக்கு ஆகும் அளவு எப்போதும் இருக்கும்படி வைத்தார். அதற்கு மேல் சேர்த்தால் வியர்த்து நமத்துப்போகும். காத்திருப்பவர்களுக்காக டோக்கன் பக்கமே நன்னாரி சர்பத், 30 ரூபாய். அடக்கம் 10, அடுப்பு வேண்டாம்.

அந்த முறை இரண்டு நாளில் 320 தட்டு, 90 சர்பத். கேஸ் 300 ரூபாய் கூடியது. எல்லாம் போகக் கையில் 3,900 நின்றது. அவருடைய மூன்று நாள் உழைப்புக்கு இது பெரிய தொகை இல்லை என்பதை அவரிடமே சொன்னேன். அடுத்து அதே இடத்துக்கு 9,000 வாடகை கேட்டபோது, நோட்டைப் பார்த்துவிட்டு அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாடகைக்கு மட்டும் 200 தட்டு சுட வேண்டியிருக்கும்.

கடைசி ஒரு மணி நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாவு இரண்டு கிலோவுக்கு வந்ததும் டோக்கன் கொடுப்பவருக்குச் சொல்ல வேண்டும், அதில் 13 தட்டுதான் வரும். வரிசையை எண்ணி, பதினான்காவது ஆளிடம் நேரில் போய் "இதோட மாவு முடியுதுங்க, நிக்காதீங்க" என்று சொல்லி, ஒரு சர்பத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.